மேலே தெரியும் விலை யார் வைத்தது?

ஒரே ஹோட்டல், ஒரே அறை, ஒரே இரவு. அதை ஐந்தாறு முன்பதிவுத் தளங்கள் ஐந்தாறு விலைக்கு விற்கின்றன. எது குறைந்த விலை என்று நாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டுகிறோம் என்று சொல்லி வளர்ந்த நிறுவனம் ட்ரிவாகோ. நம் ஊர்த் தொலைக்காட்சியிலும் ஓயாமல் வந்த விளம்பரம் அது. ஆஸ்திரேலியாவில் அதே வாக்குறுதி நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2018இல் வழக்குத் தொடர்ந்தது. 2020 ஜனவரியில் ஃபெடரல் நீதிமன்றம், ட்ரிவாகோ மக்களைத் தவறாக வழிநடத்தியது என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீடு அதே ஆண்டு தள்ளுபடியானது. 2022 ஏப்ரலில் விதிக்கப்பட்ட அபராதம் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

விலை ஒப்பீட்டுத் தளங்களைப் பற்றி எழுத நான் இந்த வழக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அபராதத் தொகை அல்ல. இப்படிப்பட்ட தளங்களின் உள்ளே வரிசை எப்படி அமைகிறது என்பது பொதுவாக வெளியே தெரியாது, அது வணிக ரகசியம். இந்த வழக்கில் கணினி நிபுணர்கள் உள்ளே இருந்த தரவைப் பார்த்துச் சாட்சியம் சொன்னார்கள். அதனால் வெளியாருக்குக் கிடைக்காத ஒரு காட்சி நமக்குக் கிடைத்திருக்கிறது.

அப்போதைய ட்ரிவாகோ பக்கத்தை நினைவில் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒரு பட்டை. அதன் வலப்பக்கத்தில் பெரிய எழுத்தில், பச்சை நிறத்தில் ஒரு விலை. பக்கத்திலேயே ‘View Deal’ என்ற பொத்தான். மற்ற தளங்களின் விலைகள் சிறிய, மங்கலான எழுத்தில் ஒதுங்கியிருக்கும். சில விலைகள் இன்னொரு சுட்டியை அழுத்தினால்தான் தெரியும். பார்க்கும் எவருக்கும் பச்சையில் இருப்பதுதான் மலிவான விலை என்று தோன்றும். அல்லது வேறு ஏதோ வகையில் அது மற்றவற்றைவிட மேலானது என்று தோன்றும். நீதிமன்றத்தில் வெளிவந்த உண்மை வேறு. நிபுணர்கள் ஆராய்ந்த தரவில் 66.8 சதவீதப் பட்டைகளில், அதைவிடக் குறைந்த விலை இருந்தும் கூடுதல் விலைதான் பச்சை இடத்தைப் பிடித்திருந்தது. மூன்றில் இரண்டு.

அந்த இடம் எப்படி நிரப்பப்பட்டது? ட்ரிவாகோ அறையை விற்பதில்லை. நீங்கள் ஒரு விலையை அழுத்தினால் அந்த முன்பதிவுத் தளத்துக்குப் போய்ச் சேர்கிறீர்கள். அந்த ஒரு கிளிக்குக்கு அந்தத் தளம் ட்ரிவாகோவுக்குப் பணம் கொடுக்கிறது. அறையைப் பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் கொடுக்க வேண்டும். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தருவேன் என்று ஒவ்வொரு தளமும் ஏலம் கேட்கிறது. எந்த விலை மேலே வர வேண்டும் என்பதை முடிவு செய்யும் கணக்கில் அறையின் விலைக்கு ஓர் இடம் இருந்தது, உண்மைதான். ஆனால் ஏலத்தொகைக்கு மிகுந்த எடை இருந்தது. குறிப்பிட்ட குறைந்தபட்சத் தொகையாவது தர முன்வராத தளம், எவ்வளவு மலிவாக விற்றாலும், மேலிடத்துக்குப் போட்டியிடவே முடியாது.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்த்தால் தெளிவாகும். ஏற்காட்டில் ஓர் அறை. ஒரு முன்பதிவுத் தளம் அதை 4,000 ரூபாய்க்கு விற்கிறது, ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் தருகிறது. இன்னொரு தளம் அதே அறையை 4,350 ரூபாய்க்கு விற்கிறது, ஒரு கிளிக்குக்கு 60 ரூபாய் தருகிறது. ஆயிரம் பேர் பக்கத்தைப் பார்க்கிறார்கள். 4,000 ரூபாயை மேலே காட்டினால் நூறு பேர் அழுத்துவார்கள் என்று வைத்துக்கொள்வோம், ஒப்பீட்டுத் தளத்துக்கு வருமானம் 2,000 ரூபாய். 4,350ஐ மேலே காட்டினால் கொஞ்சம் குறைந்து எண்பது பேர்தான் அழுத்துவார்கள். ஆனால் வருமானம் 4,800 ரூபாய். இரண்டு மடங்குக்கும் மேல். வருமானத்தை மட்டும் பார்க்கும் கணக்கு எந்த விலையை மேலே வைக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். அந்த எண்பது பேரில் எட்டுப் பேர் அறையைப் பதிவு செய்கிறார்கள் என்றால், ஆளுக்கு 350 ரூபாய் வீதம் 2,800 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். முன்பதிவுத் தளம் கிளிக்குக்குக் கட்டிய 4,800 ரூபாயில் பாதிக்கு மேல் இந்தக் கூடுதல் தொகையிலிருந்தே வந்துவிடுகிறது. மேலிடத்துக்கான ஏலத்தொகையில் பெரும்பங்கைக் கட்டியவர் அறை தேடி வந்தவர்தான். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் உறுத்துவது இதுதான். ஆஸ்திரேலிய வழக்கிலும் இதே வடிவம் தெரிந்தது. 2016 டிசம்பர் முதல் 2019 செப்டம்பர் வரை, மலிவானதல்லாத விலைகள்மீது விழுந்த கிளிக்குகளால் ட்ரிவாகோவுக்குக் கிடைத்தது சுமார் 5.8 கோடி ஆஸ்திரேலிய டாலர். அந்த அறைகளுக்கு மக்கள் கூடுதலாகக் கொடுத்தது சுமார் 3.8 கோடி டாலர்.

அதே தீர்ப்பில் இன்னொரு தந்திரமும் கண்டிக்கப்பட்டது. கோடு போட்டு அடித்த ஒரு பெரிய விலை, அதன் அருகில் சிறிய விலை. பார்த்தவுடன் ‘இவ்வளவு மிச்சமா!’ என்று கை பொத்தானுக்குப் போகும். ஆனால் அடிக்கப்பட்ட விலை சில நேரம் அதே ஹோட்டலின் உயர்தர அறைக்கானது, வாங்கச் சொல்லும் விலை சாதாரண அறைக்கானது. மிச்சம் என்று காட்டப்பட்டது இரண்டு வேறு அறைகளுக்கு இடையிலான வித்தியாசம்.

கமிஷன் வாங்குவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டு புரோக்கருக்குக் கமிஷன் உண்டு என்று தெரிந்துதான் போகிறோம். அவரும் சாப்பிட வேண்டும். எல்லாத் தளங்களும் ஒரே விகிதத்தில் கமிஷன் தந்தால் வரிசை அதனால் வளையாது. ஒருவர் அதிகமாகவும் இன்னொருவர் குறைவாகவும் தரும்போது, அந்த வித்தியாசம் வரிசைக்குள் நுழையும்போது, அது நம்மிடம் சொல்லப்படாதபோதுதான் சிக்கல். ஆகவே ஒரு தளத்தைத் திறந்ததும் மனத்தில் எழ வேண்டிய கேள்வி, இது பணம் வாங்குகிறதா என்பதல்ல, வாங்கும். யாரிடம், எதற்காக, எல்லோரிடமும் ஒரே அளவா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியோடு பார்த்தால் வரிசையில் இருப்பவர்களோடு, வரிசையில் இல்லாதவர்களும் கண்ணில் படத் தொடங்குவார்கள். பிரிட்டனில் மின்சாரம், எரிவாயு இரண்டையும் எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கலாம். அதற்கென்று பெரிய ஒப்பீட்டுத் தளங்கள் இருக்கின்றன. கமிஷன் தராத நிறுவனங்களின் மலிவான கட்டணத் திட்டங்களை அவை மறைக்கின்றன என்ற புகார் 2014இல் கிளம்பியது. மறைத்த விதம் நுட்பமானது. ‘இன்றே எங்கள் வழியாக மாறக்கூடிய திட்டங்களைப் பார்க்க வேண்டுமா?’ என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். அவசரத்தில் இருப்பவர் ஆம் என்பார். சில தளங்களில் அந்தத் தேர்வு முன்கூட்டியே செய்யப்பட்டிருக்கும். அப்படித் தேர்ந்தவுடன் கமிஷன் தராத திட்டங்கள் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும். பொய் விலை எதுவும் காட்டப்படவில்லை. காட்டப்பட்டவை எல்லாம் சரியான விலைகள், விலைப்படி சரியாக அடுக்கப்பட்டவையும்கூட. மலிவானது மட்டும் அங்கே இல்லை.

2015 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு அந்தத் தளங்களின் தலைவர்களை அழைத்துக் கேள்வி கேட்டது. எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், எல்லாத் திட்டங்களையும் காட்டுவதே முதல் நிலையாக இருக்க வேண்டும் என்று விதியை இறுக்கியது. ஆனால் 2016இல் முடிந்த சந்தை விசாரணைக்குப் பிறகு அது தளர்த்தப்பட்டது. கமிஷன் தராதவரையும் கட்டாயம் காட்ட வேண்டுமென்றால், நிறுவனங்களோடு பேரம் பேசி விலையைக் குறைக்க வைக்கும் ஊக்கம் தளங்களுக்கு இருக்காது என்பது அப்போது சொன்ன காரணம். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. அதே வேளையில், எந்தத் தளமும் சந்தை முழுவதையும் காட்டும் என்று நம்பிவிடக் கூடாது என்பதையும் அது சொல்கிறது.

அப்படியானால் ஒப்பீட்டுத் தளங்களையே ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நான்கு தளங்களைத் திறந்து பார்த்தேன், நான்கிலும் ஏறத்தாழ அதே விலைதான் என்று ஆறுதல் அடைபவர்கள் பல நேரம் ஒரே நிறுவனத்தின் நான்கு கதவுகளைத் தட்டியிருப்பார்கள். புக்கிங் டாட் காம், அகோடா, பிரைஸ்லைன், கயாக் நான்கும் புக்கிங் ஹோல்டிங்ஸ் என்ற ஒரே குழுமத்துடையவை. இவற்றில் கயாக் ஒப்பீட்டுத் தளம், மற்றவை முன்பதிவுத் தளங்கள். எக்ஸ்பீடியா, ஹோட்டல்ஸ் டாட் காம் இரண்டும் எக்ஸ்பீடியா குழுமம்; ட்ரிவாகோவின் பெரும்பங்கும் அதனிடமே. ஸ்கைஸ்கேனர் சீனாவின் ட்ரிப் டாட் காம் குழுமத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் மேக்மைட்ரிப்பும் கோஐபிபோவும் 2017இலேயே ஒன்றாகிவிட்டன. கயாக்கையும் ட்ரிவாகோவையும் ஒப்பிட்டால் இரண்டு வேறு குழுமங்களை ஒப்பிடுகிறீர்கள். மேக்மைட்ரிப்பையும் கோஐபிபோவையும் ஒப்பிட்டால் ஒரே வீட்டுக்குள் சுற்றுகிறீர்கள்.

இனி, ஒரு தளத்தின் வரிசை கமிஷனால் வளைந்திருக்கிறதா என்று வீட்டிலிருந்தே சோதிக்கும் முறை. ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். போக வேண்டிய தேதி, எத்தனை பேர், எந்த வகை அறை, காலை உணவு சேர்த்தா இல்லையா, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா, இவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இது சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் விலைகளை ஒப்பிட்டால், வேறு வேறு பொருள்களின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகத்தான் ஆகும். பணம் திரும்ப வராத அறை எப்போதும் மலிவாகத்தான் இருக்கும். வரியும் அப்படித்தான். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு தளம் அதைச் சேர்த்துக் காட்டும், இன்னொன்று கடைசிப் பக்கத்தில் சேர்க்கும். அதனால் பணம் கட்டும் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டுமே தாளில் எழுதுங்கள்.

பிறகு, வேறு வேறு குழுமங்களைச் சேர்ந்த இரண்டு ஒப்பீட்டுத் தளங்களை, உலாவியின் தனிச் சாளரத்தில், கணக்குக்குள் நுழையாமல் திறங்கள். ஏற்காடு என்று தேடியதும் வரும் பட்டியலில் ‘Sort by’ என்ற இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ‘Recommended’, ‘Our picks’, ‘Popularity’ என்று ஏதாவது ஒன்று இருக்கும். விலை என்று இருக்காது. இந்த மூன்று சொற்களும் ஒரு தளத்துக்கு வேண்டிய எதையும் உள்ளே வைத்துக்கொள்ள இடம் தருபவை. மேலே வந்த ஆறேழு ஹோட்டல்களின் பெயர்களையும், ஒவ்வொன்றிலும் பெரிதாகக் காட்டப்படும் விலையையும், அந்த விலையைத் தரும் முன்பதிவுத் தளத்தின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து ஒவ்வொரு ஹோட்டலிலும் எல்லா விலைகளையும் காட்டும் சுட்டியை அழுத்தி, அதே அறைக்கு மிகக் குறைந்த விலை எது, அதை யார் தருகிறார் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

இப்போது தாளைப் பாருங்கள். ஏதோ ஒரு ஹோட்டலில் பெரிதாகக் காட்டிய விலை மலிவானதல்ல என்றால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த விலையில் ரத்து வசதி இருக்கலாம். மலிவான விலை பழையதாக இருக்கலாம். ஒப்பீட்டுத் தளம் விலைகளைச் சேமித்து வைத்துக் காட்டுவதால், உள்ளே போனால் அறை தீர்ந்திருக்கும். ஆனால் ஏழு ஹோட்டல்களில் ஐந்தில் இப்படி இருந்து, அந்த ஐந்திலும் பெரிய எழுத்தில் இருப்பது ஒரே முன்பதிவுத் தளமாக இருந்து, நிபந்தனைகளும் ஒன்றாகவே இருந்தால், அதைத் தற்செயல் என்று நான் ஏற்க மாட்டேன். அந்த இடத்துக்கு யாரோ அதிகம் கொடுக்கிறார்கள் என்பதற்கு வெளியிலிருந்து கிடைக்கக்கூடிய மிக வலுவான அடையாளம் அதுதான். ஏலத்தொகை என்ன என்பதை நம்மால் பார்க்க முடியாது. ஆஸ்திரேலியாவிலும் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது வெளிவந்தது.

சில தளங்கள் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும். புக்கிங் டாட் காமில் சில ஹோட்டல்களின் பெயருக்கு அருகில் கட்டைவிரல் உயர்த்திய சின்னம் ஒன்று இருக்கும். அதைத் தரச் சான்று என்றே பலர் நினைக்கிறார்கள். நல்ல மதிப்பெண் பெற்ற ஹோட்டல்களுக்கே அது தரப்படுகிறது என்பதும் சரிதான். கூடவே, அந்தத் திட்டத்தில் சேரும் ஹோட்டல் வழக்கமானதைவிடக் கூடுதல் கமிஷன் தருகிறது, பதிலுக்குத் தேடலில் மேலே தெரிகிறது. சின்னத்தின்மீது சுட்டியைக் கொண்டுபோனால் தளமே அதைச் சொல்கிறது. பிரிட்டனின் போட்டி ஆணையம் விசாரித்ததை அடுத்து, 2019இல் புக்கிங், எக்ஸ்பீடியா, அகோடா, ட்ரிவாகோ உள்ளிட்ட ஆறு தளங்கள், கமிஷன் வரிசையைப் பாதித்தால் அதைச் சொல்வோம் என்று அங்கே உறுதி தந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் பணம் வாங்கி வரிசையில் உயர்த்தினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2022 மே முதல் நடைமுறையில் இருக்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு இடம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பிறர் பொருளை விற்கும் சந்தைத் தளம் ஒவ்வொன்றும், வரிசையை எந்தெந்த அம்சங்கள் தீர்மானிக்கின்றன, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று எளிய மொழியில் விளக்கம் தர வேண்டும். அந்தப் பக்கம் பெரும்பாலும் தளத்தின் அடிவாரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். திறந்து, ‘commission’, ‘compensation’ என்ற சொற்களைத் தேடுங்கள். அந்தச் சொல் இருக்கும் வாக்கியம்தான் நீங்கள் படிக்க வேண்டிய வாக்கியம். காப்பீட்டில் விதி இன்னும் கடுமையானது. காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் தர வரிசை, மதிப்பெண், ‘அதிகம் விற்பது’ போன்ற எதையும் போடக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2017 விதிகளில் தடை செய்தது. எந்தத் திட்டம் சிறந்தது என்பது வாங்குபவரின் வயது, நோய், குடும்பம் ஆகியவற்றைப் பொறுத்தது. விற்றுக் கமிஷன் பெறுபவர் அதற்கு முதலிடம், இரண்டாமிடம் தரக் கூடாது என்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

ஹோட்டலுக்கு வருவோம். தாளில் எழுதிய எல்லா விலைகளிலும் ஒரு விலை விடுபட்டிருக்கும், ஹோட்டலே நேராகத் தரும் விலை. முன்பதிவுத் தளத்துக்குச் சிறிய ஹோட்டல்கள் வாடகையில் கணிசமான பங்கைக் கமிஷனாகத் தருகின்றன. நேராக வருபவருக்கு அதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாலும் அவர்களுக்கு லாபம்தான். பிறகு ஏன் அந்த மலிவான விலை எங்கும் கண்ணில் படுவதில்லை? எங்கள் தளத்தில் காட்டும் விலைக்குக் கீழே வேறு எங்கும் விற்கக் கூடாது என்று பெரிய முன்பதிவுத் தளங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டதும் ஒரு காரணம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, இத்தகைய விலைச் சம நிபந்தனைகளை ஒப்பந்தங்களிலிருந்து மாற்றும்படியும் உத்தரவிட்டது.

அதனால் தாளில் மிகக் குறைந்த விலையை வட்டமிட்ட பிறகு, ஹோட்டலின் சொந்த எண்ணைக் கண்டுபிடித்து ஒரு தடவை பேசிவிடுங்கள். தேதியையும் அறை வகையையும் சொல்லி, ‘ஆன்லைனில் வரியோடு இவ்வளவு காட்டுது, நேரா புக் பண்ணினா என்ன தருவீங்க?’ என்று கேளுங்கள். விலையைக் குறைக்க முடியாது என்றாலும் பல இடங்களில் காலை உணவைச் சேர்ப்பார்கள், அல்லது மதியம் கிளம்ப விடுவார்கள். ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்பதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். அதை எழுதித் தர மறுத்தால் கூடுதலாக நூறு, இருநூறு போனாலும் தளத்தின் வழியாகவே பதிவு செய்வது மேல்.